தமிழ் ஆய்வுக்கட்டுரை ஆங்கிலத்துக்குப் போனபோது: மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் பட்ட பாடு

பின்னணி

தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்க காலம் பற்றி ஒரு கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் கட்டுரை எழுதியிருந்தார். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம், அதற்கு முன் கால்டுவெல் போட்டுக் கொடுத்த அடித்தளம், 1920களில் தமிழ் இதழ்களில் வடசொற்களைப் பற்றி நடந்த வாதங்கள் ஆகியவைதான் கட்டுரையின் பொருள். ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் அது தமிழில் வந்துவிட்டது. அதை ஆங்கிலத்திலும் வெளியிட ஓர் ஆய்விதழ் முன்வந்தது. ஏற்கெனவே தமிழில் வந்த கட்டுரை என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால் இரட்டை வெளியீடு என்ற சிக்கல் எழவில்லை. முதல் பக்க அடிக்குறிப்பில் ‘இது மொழிபெயர்ப்பு’ என்றும், தமிழ் வடிவம் எங்கே வந்தது என்றும் குறிப்பிட்டால் போதும் என்றார்கள்.

ஆங்கில இலக்கியம் படித்த, மொழிபெயர்ப்பில் நல்ல பழக்கம் உள்ள ஓர் இளைஞர் முதல் வரைவைச் செய்தார். அதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. அந்த ஆய்விதழ் பின்பற்றியது ஏ.பி.ஏ. நடை, 7ஆம் பதிப்பு. அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் வழிகாட்டி. தமிழியல் கட்டுரைக்கு இது அவ்வளவு பொருத்தமான நடை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நடையைத் தேர்வு செய்வது இதழின் உரிமை.

முதல் வாசிப்பில் தெரிந்தது

கட்டுரையின் உடல்பகுதி நன்றாகவே மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. வாக்கியங்கள் ஓடின, வாதம் தெளிவாக இருந்தது. சிக்கல் எல்லாம் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள்ளும் கடைசி நான்கு பக்கங்களிலும் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர் எல்லா மேற்கோள்களையும் ஒரே மாதிரி கையாண்டிருந்தார். தமிழில் என்ன இருந்ததோ அதை ஆங்கிலமாக்கி, மேற்கோள் குறியை அப்படியே வைத்துவிட்டார். துணைநூற்பட்டியலிலும் அதே கதைதான். சில நூல்களின் பெயரை மொழிபெயர்த்திருந்தார், சிலவற்றை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்திருந்தார், சில பதிப்பகங்களின் பெயர்கூட ஆங்கிலமாகியிருந்தது. எதற்கு எது என்ற முறை இல்லை. இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த வேலையைக் கொடுத்தபோது மேற்கோளைப் பற்றி யாரும் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பட்டியலை ‘கடைசியில் சும்மா மாற்றிக்கொள்ளலாம்’ என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நான் முதலில் செய்தது, மொழிபெயர்ப்பைத் திருத்துவதை நிறுத்திவிட்டு ஓர் அட்டவணை போட்டது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஒரு வரி. கட்டுரையில் உள்ள தமிழ் வடிவம், யார் சொன்னது, முதன்முதலில் எந்த மொழியில் சொன்னது, கட்டுரையாசிரியர் அதை எந்தப் புத்தகத்திலிருந்து நேரடியாக எடுத்தார் என்று நான்கு கட்டங்கள். இதில் மூன்றாவது கட்டம்தான் வேலையின் போக்கையே தீர்மானித்தது. தமிழில் சொல்லப்பட்டதை நாங்கள் மொழிபெயர்க்கலாம். ஆங்கிலத்தில் சொல்லப்பட்டு, கட்டுரைக்காகத் தமிழாக்கப்பட்டதை நாங்கள் மறுபடி மொழிபெயர்க்கவே கூடாது. மூல ஆங்கிலத்தைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். நான்காவது கட்டம், நூல் நேரடியாகப் பார்க்கப்பட்டதா அல்லது வேறொருவர் எடுத்தாண்டதைப் பார்த்து எடுத்ததா என்பதைச் சொல்லிவிடும்.

அட்டவணையின் கடைசி இரண்டு கட்டங்களை நிரப்பக் கட்டுரையாசிரியரின் உதவி தேவைப்பட்டது. அவர் தன் பழைய குறிப்பேடுகளையும் நகல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த உரையாடல் மொழிபெயர்ப்பு தொடங்கும் முன்பே நடந்திருக்க வேண்டியது.

கால்டுவெல் வாக்கியம்

கட்டுரையின் மையமான மேற்கோள் கால்டுவெல்லுடையது. சமஸ்கிருதத்தின் துணையில்லாமல் தமிழ் தனித்து இயங்கவும் தழைக்கவும் வல்லது என்ற அந்தக் கருத்தைத் தமிழ் மேடைகளில் கேட்காதவர் இருக்க முடியாது. தமிழ்க் கட்டுரையில் அது மேற்கோள் குறிக்குள், ‘கால்டுவெல், 1856’ என்ற குறிப்போடு இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதை அழகான இன்றைய ஆங்கிலத்தில் எழுதி, அதே குறிப்பை வைத்திருந்தார். ஆங்கில வாசகர் பார்வையில் இதன் பொருள், கால்டுவெல் இந்தச் சொற்களைத்தான் எழுதினார் என்பது. அவர் எழுதியது வேறு சொற்கள். துறை தெரிந்த மதிப்பீட்டாளர் ஒருவர் கையில் இது போனால், அடுத்த மேற்கோள்கள் எல்லாவற்றின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

மூல வாக்கியத்தைக் கண்டுபிடிக்க முதலில் மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலச் சொற்களை வைத்தே தேடினோம். எதிர்பார்த்தபடி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு முறை மொழி மாறிய வாக்கியத்தில் மூலச் சொல் எதுவும் மிச்சமிருக்காது. மாறாமல் நிற்பவை பெயர்ச்சொற்கள் மட்டும்தான். இண்டர்நெட் ஆர்கைவில் உள்ள கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூலின் ஸ்கேன் பிரதியில் சமஸ்கிருதம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மூன்று பெயர்களும் அடுத்தடுத்து வரும் இடங்களைத் தேடினோம். 19ஆம் நூற்றாண்டு நூல்களில் சமஸ்கிருதத்துக்கு இரண்டு விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் உண்டு, கன்னடத்துக்கு இன்று வழக்கில் இல்லாத பெயர் உண்டு. இன்றைய வடிவத்தை மட்டும் தட்டினால் பக்கம் கண்ணில் படாது. இப்படித் தேடியபோது 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில், முன்னுரைப் பகுதியிலேயே, வாக்கியம் கிடைத்தது.

கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. கால்டுவெல் அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஓர் ஒப்பீடு செய்கிறார். சமஸ்கிருதத்தை விட்டுவிடுவது தெலுங்குக்குக் கடினம், கன்னடத்துக்கு இன்னும் கடினம், மலையாளத்துக்கு எல்லாவற்றையும்விடக் கடினம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ‘தமிழோ’ என்று திரும்புகிறார். அந்த வாக்கியத்துக்குள்ளும் ‘தேவைப்பட்டால்’ என்ற பொருளில் ஒரு சிறிய இடைத்தொடர் இருக்கிறது. தேவைப்பட்டால் தமிழ் தன்னிடமுள்ள சமஸ்கிருதத்தை முழுவதுமே விட்டுவிட முடியும், தனித்து நிற்பதோடு தழைக்கவும் முடியும் என்பதுதான் அவர் சொன்னது. தமிழ்க் கட்டுரையின் மேற்கோளில் ஒப்பீடும் இல்லை, அந்த இடைத்தொடரும் இல்லை. அதற்குமேல், மேற்கோளுக்கு அடுத்த வாக்கியத்தில் கட்டுரையாசிரியர், கால்டுவெல் இதை எந்த நிபந்தனையும் இல்லாமல் சொன்னார் என்று எழுதியிருந்தார்.

மூல ஆங்கிலத்தை அப்படியே வைத்தால் மேற்கோளும் அதன் விளக்கமும் ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்கும். மொழிபெயர்ப்பாளர் இரண்டு வழி சொன்னார். இடைத்தொடரை மூன்று புள்ளி போட்டு விட்டுவிடுவது ஒன்று. மேற்கோள் குறியை எடுத்துவிட்டுக் கருத்தாக எழுதுவது இன்னொன்று. முதலாவது நேர்மையில்லாத வேலை. எந்தச் சொல்லைப் பற்றி வாதம் நடக்கிறதோ அதையே புள்ளிக்குள் மறைக்க முடியாது. இரண்டாவது, பிழையை மறைத்து வைக்குமே தவிரத் தீர்க்காது. விளக்க வாக்கியம் அப்படியேதான் நிற்கும்.

இது மொழிபெயர்ப்பின் எல்லையைத் தாண்டிய விஷயம் என்று முடிவு செய்து, ஸ்கேன் பக்கத்தோடு கட்டுரையாசிரியருக்கு அனுப்பினோம். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “இத்தனை வருஷமா எல்லாப் புத்தகத்துலயும் இப்படித்தானே சார் வருது?” என்றார். வருவது உண்மைதான். “பக்கத்தை ஒரு தடவை நிதானமாப் படிங்க மேடம், அப்புறம் பேசலாம்” என்று சொன்னேன். மறுநாள் அவரே அழைத்து, ‘நிபந்தனையில்லாமல்’ என்ற வாக்கியத்தை நீக்கிவிடச் சொன்னார். பதிலாக, தமிழ் நூல்களில் இந்த மேற்கோள் சுருங்கிய வடிவத்தில் வழங்குகிறது என்று ஓர் அடிக்குறிப்பு எழுதித் தந்தார். அதைப் பெரிய வாதமாக வளர்க்க அவருக்கு ஆசை இருந்தது. ஆனால் கையில் ஒன்றிரண்டு சான்றுதான் இருந்தது என்பதால் அடிக்குறிப்போடு நிறுத்திக்கொண்டார். அது சரியான முடிவு.

பதிப்புச் சிக்கல் தனியாக இருந்தது. கட்டுரையில் ஆண்டு 1856 என்று இருந்தது. கொடுத்திருந்த பக்க எண்ணோ முதல் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் முதலில் வந்தது. அவரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875இல் வந்தது. அவர் 1891இல் இறந்த பிறகு, வயட், ராமகிருஷ்ண பிள்ளை இருவரும் பதிப்பித்த மூன்றாம் பதிப்பு 1913இல் வந்தது. அதில் முந்தைய பதிப்பின் சில பகுதிகள் நீக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகம் பிற்பாடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது இந்த மூன்றாம் பதிப்பைத்தான், நம் கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் இருப்பதும் அதுதான். கட்டுரையாசிரியர் நகல் எடுத்தது இதிலிருந்து. ஆண்டை எடுத்தது நூலுக்குள் இருந்த முதல் பதிப்பு பற்றிய குறிப்பிலிருந்து. முதல் பதிப்பின் ஆண்டும் மறுபதிப்பின் பக்க எண்ணும் சேர்ந்த இந்தக் கலவை தமிழ்க் கட்டுரைகளில் மிகச் சாதாரணம். ஆண்டையும் பக்கத்தையும் ஒரே புத்தகத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். நாங்கள் 1875 பதிப்பையே எடுத்துக்கொண்டோம். கால்டுவெல் தன் கையால் கடைசியாகத் திருத்தியது அது, இணையத்தில் யாரும் திறந்து சரிபார்க்கவும் முடியும்.

ஆங்கிலத்தில் எழுதிய தமிழறிஞர்

மறைமலையடிகளின் மேற்கோள் ஒன்றில் வேறு மாதிரியான பொறி இருந்தது. தனித்தமிழின் தந்தை, எனவே மூலம் தமிழாகத்தான் இருக்கும் என்று மொழிபெயர்ப்பாளர் எடுத்துக்கொண்டார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் அடிகள் தன் தமிழ் நூல்கள் பலவற்றுக்கு ஆங்கிலத்தில் நீண்ட முன்னுரை எழுதும் வழக்கம் உள்ளவர். இந்த மேற்கோளின் பக்க எண் மட்டும் ரோமன் எண்ணில் இருந்தது. முன்னுரைப் பக்கமாக இருக்கலாம் என்று கேட்டபோது, ஆமாம், ஆங்கில முன்னுரையைத் தானேதான் தமிழாக்கியதாகக் கட்டுரையாசிரியர் சொன்னார். நூலகத்தில் போனில் எடுத்த படம் அவரிடம் பத்திரமாக இருந்தது.

அடிகளின் ஆங்கிலம் அந்தக் காலத்துக்கே உரிய நீண்ட வாக்கியங்களால் ஆனது. மொழிபெயர்ப்பாளருக்கு அதைக் கொஞ்சம் செப்பனிட ஆசை. செய்யவில்லை. அச்சில் உள்ளபடியே, நிறுத்தக்குறிகளோடு, படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்தோம்.

ஒரு மேற்கோளுக்கு மட்டும் மூலம் கடைசிவரை கிடைக்கவில்லை. ஓர் ஆங்கில அதிகாரி சொன்னதாகப் பழைய தமிழ் நூல் ஒன்றில் இருந்தது. அந்த நூலிலும் மூலக்குறிப்பு இல்லை. அதை மேற்கோள் குறி இல்லாமல், அந்தத் தமிழ் நூல் தருகிற தகவலாக மட்டும் எழுதினோம். பட்டியலிலும் தமிழ் நூல்தான் இடம்பெற்றது. பார்க்காத நூலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது ஏ.பி.ஏ. விதியும்கூட.

தமிழிலேயே உள்ள மேற்கோள்கள்

மீதமிருந்தவை 1920களின் தமிழ் இதழ்களிலிருந்து எடுத்தவை. இவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு ஏதும் அச்சில் இல்லை, நாமே செய்ய வேண்டியதுதான். இங்கே ஏ.பி.ஏ. ஒரு விசித்திரமான விதி வைத்திருக்கிறது. நீங்களே மொழிபெயர்த்த பகுதி நேர் மேற்கோள் ஆகாது. அது உங்கள் சொற்களில் எடுத்துரைத்தது. எனவே மேற்கோள் குறி போடக் கூடாது. அச்சில் வந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தால் மட்டும் குறி போடலாம். கட்டுரையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. குறியை எடுத்துவிட்டால் எது அந்தக் காலத்து எழுத்தாளரின் குரல், எது தன் குரல் என்று வாசகருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வேறு நடைகளில் மொழிபெயர்ப்பைக் குறிக்குள் வைத்து, ‘மொழிபெயர்ப்பு என்னுடையது’ என்று ஒரு குறிப்புப் போட்டால் முடிந்துவிடும்.

மேற்கோள்களை நாங்கள் இரண்டாகப் பிரித்தோம். கருத்துக்காக மட்டும் எடுத்தாண்டவற்றைக் குறி நீக்கி, ‘அவர் எழுதுகிறார்’, ‘அவர் வாதிடுகிறார்’ என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் பேசுவது என்பது தெரியும்படி எழுதினோம். சொல்லே சான்றாக நிற்கும் இடங்களில் இந்த வழி உதவாது. ‘ஜலம்’ வேண்டாம் ‘நீர்’ போதும், ‘சந்தோஷம்’ வேண்டாம் ‘மகிழ்ச்சி’ என்று எழுதலாம் என்று வாதம் போகிறது என்றால், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வரும். முதல் வரைவில் உண்மையாகவே அப்படி ஒரு வாக்கியம் இருந்தது. தண்ணீரைத் தண்ணீர் என்று சொல்லாமல் தண்ணீர் என்று சொல்ல வேண்டும் என்கிற மாதிரி. இத்தகைய மேற்கோள்களுக்கு மூலத் தமிழை ரோமன் ஒலிபெயர்ப்பில் குறிக்குள் கொடுத்து, அதன் கீழே குறியில்லாமல் ஆங்கிலப் பொருளைக் கொடுத்தோம். குறிக்குள் இருப்பது மூலமே என்பதால் விதியும் மீறப்படவில்லை.

ஒலிபெயர்க்கத் தொடங்கியதும் இன்னொன்று தெரிந்தது. கட்டுரையாசிரியர் சில மேற்கோள்களைப் பிற்காலத் தொகுப்புகளிலிருந்து எடுத்திருந்தார். தொகுப்பாசிரியர்கள் பழைய எழுத்தை இன்றைய வழக்குக்கு மாற்றுவது உண்டு. ‘ஸமூகம்’ என்று அச்சானது ‘சமூகம்’ ஆகியிருக்கும். தமிழில் படிக்கும்போது கண் இதைக் கடந்து போய்விடும். ஒலிபெயர்ப்பில் ஸ ஒரு எழுத்து, ச வேறு எழுத்து. வடசொல்லையும் கிரந்த எழுத்தையும் பற்றிய கட்டுரையில் எழுத்தை மாற்றிய பதிப்பிலிருந்து சான்று காட்டினால், சான்றே கேள்விக்குறியாகிவிடும். சொல் சான்றாக வரும் மேற்கோள்களை மட்டும் முதல் அச்சோடு ஒப்பிடுவது என்று வரையறுத்துக்கொண்டோம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய இதழ்கள் பல கிடைக்கின்றன. இரண்டு இடங்களில் எழுத்து மாறியிருந்தது, திருத்தினோம். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை வடிவங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அது எழுத்தின் தோற்றம் சார்ந்தது, ஒலிபெயர்ப்பில் வித்தியாசம் வராது.

துணைநூற்பட்டியல்

பட்டியலுக்கு ஏ.பி.ஏ. சொல்வது எளிது. நூல் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே தலைப்பைக் கொடுக்க வேண்டும். எழுத்து ரோமன் அல்ல என்றால் ஒலிபெயர்க்க வேண்டும். பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஆங்கிலப் பொருள் தர வேண்டும். வாசகர் அந்த நூலைத் தேடிப் போனால் கையில் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். மொழிபெயர்த்த தலைப்பை மட்டும் கொடுத்தால், அந்தப் பெயரில் உலகத்தில் ஒரு புத்தகமும் இருக்காது. முதல் வரைவில் அப்படிப் பல ‘இல்லாத புத்தகங்கள்’ இருந்தன.

தலைகீழாகவும் நடந்திருந்தது. தனித்தமிழ் இயக்கத்தை மறுமதிப்பீடு செய்து க. கைலாசபதி 1979இல் சோஷியல் சயன்டிஸ்ட் இதழில் எழுதியது ஆங்கிலக் கட்டுரை. தமிழ்ப் பட்டியலில் அதன் தலைப்பு தமிழாக்கப்பட்டிருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழ்க் கட்டுரை என்று நினைத்து ஒலிபெயர்த்து, அடைப்புக்குள் ஆங்கிலப் பொருளும் கொடுத்துவிட்டார். அதே ஆசிரியரின் இன்னொரு ஆங்கில நூல் பட்டியலில் சரியான வடிவத்தில் இருந்தது. ஆக, ஒரே மனிதர் இரண்டு பேராக அடுத்தடுத்து நின்றார்:

```
Kailācapati, Ka.
Kailasapathy, K.
```

பெயர்களுக்கு ஒரு முடிவு எடுத்தோம். ஒருவர் தன் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாரோ, அதுவே பட்டியல் முழுவதும். அப்படி ஒரு வடிவம் இல்லாதவருக்கு நூலகப் பட்டியல்களில் அதிகம் வழங்கும் வடிவம். இரண்டும் இல்லையென்றால் மட்டும் ஒலிபெயர்ப்பு. நூல் தலைப்புகளுக்கு நேர்மாறாக, எப்போதும் கண்டிப்பான ஒலிபெயர்ப்பு, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் முறைப்படி. பெயருக்கும் தலைப்புக்கும் வெவ்வேறு முறை என்பது பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தெரியும். ஆனால் தேடுபவருக்கு அதுதான் உதவும். ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாய்வாளர் சுமதி ராமஸ்வாமியை ஒலிபெயர்ப்பு விதிப்படி எழுதினால் அவர் நூலை எந்த ஆங்கில நூலகத்திலும் தேட முடியாது.

தலைப்பெழுத்தில் ஒரு சின்ன விஷயம். நம்மவர்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்து அப்பா பெயர் அல்லது ஊர் பெயர். ஏ.பி.ஏ. கேட்பது கடைசிப் பெயர், பிறகு காற்புள்ளி, பிறகு தலைப்பெழுத்து. நம் பெயரை அந்த அச்சில் ஊற்றினால் தற்செயலாகச் சரியாகவே வரும், இயற்பெயர் முன்னாலும் தலைப்பெழுத்து பின்னாலும். ‘பிள்ளை’, ‘ஐயர்’ என்று முடியும் பழைய பெயர்களில்தான் கவனம் வேண்டும். வையாபுரிப் பிள்ளை ‘வை’யில் வர வேண்டும், ‘பி’யில் அல்ல. மென்பொருளிடம் விட்டால் ‘பிள்ளை’களை எல்லாம் ஒரே இடத்தில் குவித்துவிடும்.

இதழ்க் குறிப்புகள் வேறு ரகம். அந்தக் காலத்துத் தமிழ் இதழ்கள் தொகுதி, இதழ் என்பதற்குக்கூட அழகழகான பெயர் வைத்திருந்தன. செந்தமிழ்ச் செல்வியில் தொகுதி ‘சிலம்பு’, இதழ் ‘பரல்’. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழிலில் ‘துணர்’, ‘மலர்’. மொழிபெயர்ப்பாளர் இவற்றைக் கட்டுரைத் தலைப்பின் பகுதி என்று எடுத்துக்கொண்டு சாய்வெழுத்தில் போட்டிருந்தார். ஆங்கிலப் பட்டியலில் இவை வெறும் எண்ணாக வேண்டும். சிலம்பு 6, பரல் 3 என்றால்:

```
6(3)
```

ரசனையாக வைத்த பெயர் போய்விடுகிறதே என்று கட்டுரையாசிரியர் வருத்தப்பட்டார். எனக்கும் அதே வருத்தம்தான். உடல்பகுதியில் இதழ்களை அறிமுகப்படுத்தும் இடத்தில் ஒரு வாக்கியமாக அதைச் சொல்லிவிட்டோம், பட்டியலில் எண் மட்டும்.

ஆண்டு மாற்றத்தில்தான் அதிகம் தடுமாற்றம் இருந்தது. பழைய இதழ் முகப்பில் ‘பிரபவ, தை’ என்று இருக்கும். பிரபவ ஆண்டு 1927 சித்திரையில் தொடங்கி 1928 பங்குனியில் முடிந்தது. எனவே பிரபவ தை என்றால் 1928 ஜனவரி நடுவில் தொடங்கும் மாதம். வரைவில் 1927 என்று இருந்தது. தை, மாசி, பங்குனி மூன்று மாதங்களுக்கும் இந்த ஓராண்டுப் பிழை வரும்; மார்கழியோ இரண்டு ஆண்டுகளிலும் கால் வைத்து நிற்கும். முகப்பில் ஆங்கிலத் தேதியும் அச்சாகியிருந்தால் அதையே எடுத்தோம். இல்லாத இடத்தில் கணக்கிட்டோம். 60 ஆண்டுச் சுழற்சி என்பதால் பிரபவ என்பது 1867, 1987 ஆண்டுகளையும் குறிக்கலாம். இதழ் எப்போது தொடங்கியது என்று தெரிந்தால் அந்தக் குழப்பம் இல்லை. திருவள்ளுவர் ஆண்டு கொடுத்திருந்த பிற்கால நூல்களுக்கு 31 கழித்தால் போதும்.

பதிப்பகப் பெயரை மொழிபெயர்ப்பதில்லை, ஒலிபெயர்ப்பதுதான். அதிலும் ஒரு விலக்கு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தாலும் பெயர் ஆங்கிலம். அதைத் தமிழிலிருந்து விதிப்படி ஒலிபெயர்த்துப் பாருங்கள், அந்தப் பதிப்பகத்தாருக்கே தங்கள் பெயர் அடையாளம் தெரியாது.

இதழுக்கு அனுப்பிய பிறகு

மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் கால்டுவெல் அடிக்குறிப்பைப் பாராட்டி, அதைத் தனிக் கட்டுரையாக விரிக்கலாமே என்று எழுதியிருந்தார். இன்னொருவர், ஆங்கிலத்தில் எடுத்துரைத்த பகுதிகளின் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பாகத் தரும்படி கேட்டார். எங்கள் அட்டவணையில் தமிழ் வடிவம் ஏற்கெனவே வரிசையாக இருந்ததால் இது அரைநாள் வேலையாக முடிந்தது. மேற்கோள் குறி பற்றிக் கட்டுரையாசிரியர் எழுப்பிய கேள்விக்கும் இது ஓரளவு பதிலாக அமைந்தது. சந்தேகம் உள்ளவர் மூலத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அச்சுப்படி வந்தபோது ஒலிபெயர்ப்பு எழுத்துகள் சிதறியிருந்தன. ழ, ற, ன மூன்றுக்கும் அடிக்கோடிட்ட எழுத்து வேண்டும். சில இடங்களில் கோடு அடுத்த எழுத்தின் கீழ் நகர்ந்திருந்தது, சில இடங்களில் வெறும் கட்டம் தெரிந்தது. காரணம், நாங்கள் அனுப்பிய கோப்பில் சில எழுத்துகள் ஒரே குறியீடாகவும் சில எழுத்துகள் ‘எழுத்து + கோடு’ என்று இரண்டு குறியீடாகவும் இருந்தன. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எது எது என்று அறிய, ஒற்றைக் குறியீட்டு எழுத்தைத் தட்டித் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற எழுத்து தேடலில் சிக்காவிட்டால் அது இரட்டை. நிலைக்க வேண்டியவை இவைதான்:

```
ḻ  U+1E3B
ṟ  U+1E5F
ṉ  U+1E49
```

எல்லாவற்றையும் ஒற்றைக் குறியீட்டுக்கு மாற்றி மறுபடி அனுப்பினோம், இரண்டாவது படி சுத்தமாக வந்தது. கட்டுரை வெளியாகிவிட்டது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மேற்கோள் அட்டவணையை மொழிபெயர்ப்பாளர் கையில் கட்டுரை போகும் முன்பே கட்டுரையாசிரியர் நிரப்ப வேண்டும். இந்த முறை மொழிபெயர்த்து முடித்த பல மேற்கோள்களை அழிக்க வேண்டி வந்தது. அந்த உழைப்புக்கான கூலியும் யார் தருவது என்று கொஞ்சம் சங்கடமான பேச்சு நடந்தது. இப்போது இதே போன்ற வேலை வரும்போது, மூல ஆங்கிலம் உள்ள மேற்கோள்களின் ஸ்கேன் பக்கங்கள் கைக்கு வந்த பிறகே பக்கக் கணக்குப் போட்டுக் கூலி பேசுகிறோம்.

மூலத்தைப் பார்த்ததும் வாதம் ஆட்டம் காணும் இடங்களில் யார் முடிவெடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். கால்டுவெல் விஷயத்தில் கட்டுரையாசிரியர் திறந்த மனதோடு இருந்தார், அதனால் முடிந்தது. ஒப்புக்கொள்ளாதவராக இருந்திருந்தால் மூல வாக்கியத்தை வைத்து, விளக்கத்தை அவர் எழுதியபடியே மொழிபெயர்த்து, முரணை ஆய்விதழின் பதிப்பாசிரியருக்குத் தனியாகத் தெரிவித்திருப்பேன். மொழிபெயர்ப்பில் சத்தமில்லாமல் சரிசெய்வது என் வேலை அல்ல.

ஒன்று மட்டும் இன்னும் பாக்கி. தமிழ்க் கட்டுரை கருத்தரங்கத் தொகுப்பில் பழைய வடிவிலேயே இருக்கிறது, 1856 என்ற ஆண்டோடும் ‘நிபந்தனையில்லாமல்’ என்ற வாக்கியத்தோடும். தொகுப்புக்கு மறுபதிப்பு வந்தால் திருத்தித் தருவதாகக் கட்டுரையாசிரியர் தொகுப்பாசிரியருக்கு எழுதியிருக்கிறார். அதுவரை, தன் பெயரில் உள்ள கட்டுரைப் பட்டியலில் தமிழ் வடிவத்துக்கு எதிரே, ஆங்கில வடிவத்தையே மேற்கோளாகக் கொள்ளவும் என்று ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறார்.